மன வயதை வயதால் வகுக்கும் ஐக்யூ கணக்கு எங்கே உடைந்தது

கேள்வி: ஐக்யூ என்றால் மன வயதை உண்மையான வயதால் வகுத்து 100-ஆல் பெருக்க வேண்டும் என்று படித்தேன். அப்படியென்றால் 40 வயதுக்காரருக்கு எப்படிக் கணக்கிடுவார்கள்? இப்போது இந்தச் சூத்திரத்தை யாரும் பயன்படுத்துவதில்லை என்றும் சொல்கிறார்களே, ஏன்?

பதில்:

40 வயதுக்காரருக்கு அந்தக் கணக்கைப் போடவே முடியாது. போட்டவர்கள் அவருடைய வயதை 16 என்று வைத்துக்கொண்டு போட்டார்கள். எப்படி என்று கீழே சொல்கிறேன். ஆனால் பெரும்பாலான பாடப்புத்தகங்கள் இதையே முழுக் காரணமாக எழுதி முடித்துவிடுகின்றன, அதுதான் எனக்குக் குறையாகப் படுகிறது. பெரியவர்கள் விஷயத்தில் சூத்திரம் தடுமாறியது உண்மை. ஆனால் குழந்தைகளுக்கு, அதாவது யாருக்காக அது உருவானதோ அவர்களுக்கே, அது சரியாக வேலை செய்யவில்லை. 6 வயதில் வாங்கிய 125-ம் 12 வயதில் வாங்கிய 125-ம் ஒரே பொருள் தரவில்லை. அதுதான் ஆழமான பிரச்சினை.

முதலில் மன வயது எப்படி வந்தது என்று பார்த்துவிடலாம். பாரிஸில் ஆல்பிரெட் பினேயும் தியோடோர் சிமோனும் 1905-ல் ஒரு சோதனை வரிசையை வெளியிட்டார்கள். பள்ளியில் தனிக் கவனம் தேவைப்படும் பிள்ளைகளைக் கண்டுபிடிப்பதுதான் நோக்கம். 1908-ல் அதைத் திருத்தியபோது கேள்விகளை வயதுவாரியாக அடுக்கினார்கள். குறிப்பிட்ட ஒரு வயதுப் பிள்ளைகளில் பெரும்பாலோர் செய்துவிடுகிறார்கள், அதைவிட ஒரு வயது குறைந்தவர்களில் பெரும்பாலோர் திணறுகிறார்கள் என்றால் அந்தக் கேள்வி அந்த வயதுக்கானது. பினே இதை வைத்து எதையும் வகுக்கவில்லை. இந்தப் பிள்ளை தன் வயதுக்கு இரண்டு ஆண்டு பின்தங்கியிருக்கிறது என்று கழித்துச் சொல்வதோடு நின்றுகொண்டார்.

வகுத்தலைக் கொண்டுவந்தவர் ஜெர்மனியின் வில்லியம் ஸ்டெர்ன், 1912-ல். அவருடைய வாதம் நியாயமானதுதான். 4 வயதுப் பிள்ளை இரண்டு ஆண்டு பின்தங்கினால் அது பெரிய விஷயம், 12 வயதுப் பிள்ளை அதே இரண்டு ஆண்டு பின்தங்கினால் அவ்வளவு இல்லை. கழித்தால் இரண்டும் ஒன்றாகத் தெரியும். வகுத்தால் முதலாவது 0.50, இரண்டாவது 0.83. இந்தத் தசமப் புள்ளியை ஒழிக்க 100-ஆல் பெருக்கும் வழக்கத்தை 1916-ல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் லூயிஸ் டெர்மன் தன்னுடைய ஸ்டான்ஃபோர்ட்-பினே சோதனையோடு பரப்பினார்.

```
ஐக்யூ = (மன வயது ÷ கால வயது) × 100
```

கால வயது என்பது பிறந்த தேதிப்படி உள்ள வயது. இதை அந்த 1916 சோதனையில் எப்படிப் போட்டார்கள் என்று ஒரு பிள்ளையை வைத்துப் பார்ப்போம். பிள்ளைக்கு 6 வயது 8 மாதம், அதாவது 80 மாதம். 3 முதல் 10 வயது வரை ஒவ்வொரு வயதுக்கும் ஆறு சோதனைகள், ஒவ்வொன்றுக்கும் 2 மாத மதிப்பு. 7 வயதுக்கானவற்றில் சாய்சதுரம் ஒன்றைப் பார்த்து வரைவது, ஐந்து எண்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்வது போன்றவை இருந்தன. 8 வயதுக்கானவற்றில் ஒன்று, 20-லிருந்து 1 வரை தலைகீழாக எண்ணுவது.

நம் பிள்ளை 6 வயதுக்கான ஆறையும் செய்துவிடுகிறது. அதனால் அடித்தளம் 6 ஆண்டு, 72 மாதம். 7 வயதுக்கானவற்றில் ஐந்து, 8-ல் மூன்று, 9-ல் இரண்டு, 10-ல் ஒன்றும் இல்லை. அடித்தளத்துக்கு மேல் பத்து வெற்றி, தலா 2 மாதம், 20 மாதம். ஆக மன வயது 92 மாதம். 92-ஐ 80-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால் 115.

இந்த மன வயதை அப்படியே நேர்ப்பொருளில் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதையும் இங்கேயே பார்க்கலாம். 92 மாதம் என்றால் 7 வயது 8 மாதம். ஆனால் இந்தப் பிள்ளை 7 வயதுக் கேள்வி ஒன்றில் தவறி 9 வயதுக் கேள்வி இரண்டில் தேறியிருக்கிறது. 7 வயது 8 மாதக் குழந்தை எப்படி யோசிக்குமோ அப்படி இது யோசிக்கிறது என்று யாரும் சொல்ல முடியாது. மொத்தத்தில் அந்த வயதுச் சராசரிக்குச் சமமான எண்ணிக்கையில் சரியாகச் செய்தது, அவ்வளவுதான்.

சரி, இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். 115 என்றால் தன் வயதுக்காரர்களிடையே இந்தப் பிள்ளை எந்த இடத்தில் இருக்கிறது? இதைத்தான் ஆசிரியரும் பெற்றோரும் மருத்துவரும் தெரிந்துகொள்ள விரும்புகிறார்கள், சூத்திரமோ இதற்குப் பதிலே தருவதில்லை. தருவதுபோல் தோன்றும், அவ்வளவே. காரணம், இடத்தைச் சொல்ல வேண்டுமானால் சராசரி மட்டும் தெரிந்தால் போதாது, அந்த வயதுப் பிள்ளைகளின் மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு பரந்து கிடக்கின்றன என்பதும் தெரிய வேண்டும். புள்ளியியலில் இந்தப் பரவலுக்கு அளவுகோல் திட்ட விலக்கம். மதிப்பெண்கள் வழக்கமான மணி வடிவில் பரவியிருந்தால், சராசரிக்கு மேலே ஒரு திட்ட விலக்கத்தில் இருப்பவர் சுமார் 84% பேரைவிட முன்னால் இருக்கிறார். இரண்டு திட்ட விலக்கம் என்றால் சுமார் 98% பேரைவிட.

வகுத்தல் சூத்திரத்துக்குள் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது. மன வயதின் பரவல், வயது கூடக் கூட அதே விகிதத்தில் கூட வேண்டும். 6 வயதில் பிள்ளைகள் சராசரியிலிருந்து 9 மாதம் முன்பின் பரவியிருந்தால், 12 வயதில் சரியாக 18 மாதம் முன்பின் பரவியிருக்க வேண்டும். அப்போதுதான் வகுத்த பிறகு எல்லா வயதிலும் ஐக்யூவின் பரவல் ஒரே மாதிரி இருக்கும். இயற்கைக்கு இப்படி நடந்துகொள்ள எந்தக் கட்டாயமும் இல்லை. சோதனை தயாரிப்பவர்கள் எந்தக் கேள்வியை எந்த வயதில் வைக்கிறார்கள் என்பதைப் பொறுத்தும் பரவல் மாறும். ஒவ்வொரு வயதிலும் சராசரி 100-க்குப் பக்கத்தில் வரும்படி கேள்விகளை இடம் மாற்றி மாற்றிச் சரிசெய்துவிடலாம். பரவலையும் அதே கையோடு சரிசெய்வது எளிதில்லை.

டெர்மனும் மாட் மெரிலும் 1937-ல் ஸ்டான்ஃபோர்ட்-பினேயைப் பெரிய அளவில் திருத்தி வெளியிட்டபோது இது எண்களிலேயே தெரிந்துவிட்டது. 6 வயதில் ஐக்யூவின் திட்ட விலக்கம் சுமார் 12.5, 12 வயதில் சுமார் 20. மாதக் கணக்கில் சொன்னால் 6 வயதில் பரவல் 9 மாதம், 12 வயதில் கிட்டத்தட்ட 29 மாதம். சூத்திரம் எதிர்பார்த்ததோ 18.

இதனால் என்ன ஆகும் என்று பாருங்கள். ஒரு பெண் 6 வயதில் தன் வயதுக்காரர்களில் 98% பேரைவிட முன்னால் இருக்கிறாள், அதாவது இரண்டு திட்ட விலக்கம் மேலே. ஐக்யூ 100 + 25 = 125. ஆறு ஆண்டு கழித்து அதே இடத்தில்தான் இருக்கிறாள், ஒரு படி ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. இப்போது ஐக்யூ 100 + 40 = 140. பதினைந்து புள்ளி கூடியிருக்கிறது, ஆனால் அவளிடம் எதுவும் மாறவில்லை. பள்ளி நன்றாகச் சொல்லிக்கொடுத்தது என்று ஒருவர் பெருமைப்படலாம், பிள்ளை தாமதமாக மலர்ந்தது என்று இன்னொருவர் விளக்கலாம். இரண்டும் வெறும் அளவுகோலின் வேலை. சராசரிக்குக் கீழே இருக்கும் பிள்ளைக்கு இதே கோளாறு எதிர்த்திசையில் நடக்கும். 75-ல் இருந்தவன் 60-க்கு இறங்குவான். அந்த இறக்கத்தை வைத்து எந்த வகுப்பில் சேர்ப்பது, எங்கே அனுப்புவது என்றெல்லாம் முடிவெடுத்தால் அது அந்தப் பையனின் வாழ்க்கையில் போய் முடியும்.

140 என்ற எல்லையை எடுத்துக்கொண்டால் வித்தியாசம் இன்னும் உறைக்கும். டெர்மன் 1916-லேயே 140-க்கு மேல் இருப்பவர்களை மேதை அல்லது மேதைக்கு அருகில் என்று வகைப்படுத்தியிருந்தார். 12 வயதில் 140 என்பது இரண்டு திட்ட விலக்கம், கிட்டத்தட்ட 44 பேரில் ஒருவர். 6 வயதில் அதே 140 என்பது 3.2 திட்ட விலக்கம், கிட்டத்தட்ட 1,450 பேரில் ஒருவர் (பரவல் மணி வடிவில் இருக்கிறது என்று வைத்துக்கொண்ட கணக்கு இது). ஒரே எண், ஒரே பட்டம், ஆனால் அரிதாக இருப்பதில் முப்பது மடங்குக்கு மேல் வித்தியாசம். இதை வைத்து 6 வயதுக்காரரையும் 12 வயதுக்காரரையும் ஒரே பட்டியலில் அடுக்குவதில் அர்த்தமே இல்லை.

அப்புறம், நீங்கள் கேட்ட 40 வயதுக்காரர். பிள்ளைகள் வளர வளர இந்தச் சோதனைகளில் மதிப்பெண் ஏறிக்கொண்டே போகும், பதின்ம வயதின் நடுவில் எங்கோ ஏற்றம் தளர்ந்துவிடும். ஆனால் கால வயது நிற்பதில்லை. 16 வயதில் மன வயது 16 இருந்தவர் 40 வயதிலும் அதே கேள்விகளை அதே அளவுக்குச் செய்தால் 16/40, ஐக்யூ 40. 80 வயதில் 20. இது அபத்தம் என்று எல்லாருக்கும் தெரியும், டெர்மனுக்கும் தெரியும். அதனால் 16 வயதுக்கு மேற்பட்ட யாராக இருந்தாலும் 16-ஆல் வகுங்கள் என்றார்.

ஒட்டுப் போட்டாயிற்று, ஆனால் ஒட்டு ஒழுகியது. முதலில், ஏன் 16? முதல் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவத்தில் லட்சக்கணக்கானவர்களுக்குச் சோதனை நடத்தினார்கள். அந்த முடிவுகளை மன வயதாக மாற்றியபோது வெள்ளையர்களின் சராசரி 13-ஐ ஒட்டி வந்தது. 13-ஐ 16-ஆல் வகுத்தால் ஐக்யூ 81. சராசரி என்றாலே 100 என்று வரையறுத்த அளவுகோலில் சராசரி மனிதருக்கு 81! அமெரிக்கர்களின் அறிவு 13 வயதுப் பிள்ளையின் அறிவு என்று சிலர் கூச்சல் போட்டார்கள். பத்திரிகையாளர் வால்டர் லிப்மன் 1922-ல் இதைக் கடுமையாக எதிர்த்து எழுதினார். பெரியவர்களின் சராசரி அறிவு, பெரியவர்களின் சராசரியைவிடக் குறைவாக இருக்க வழியே இல்லை என்பதுதான் அவர் வாதத்தின் சாரம். தவறு மக்களிடம் இல்லை, 16 என்ற எண்ணில் என்பது அவர் கட்சி, இந்த இடத்தில் அவர் பக்கமே நியாயம். 1937 திருத்தத்தில் வகுக்கும் எண்ணை 15 ஆக்கினார்கள். 13 வயதுக்குப் பிறகு ஒவ்வொரு மூன்று மாதத்திலும் ஒரு மாதத்தைக் கணக்கில் விட்டுவிட வேண்டும், அப்படிப் போனால் 16 வயதில் 15-ல் வந்து நிற்கும். கணக்கு வராவிட்டால் வயதையே மாற்றுவது என்ற நிலைக்கு வந்துவிட்டார்கள்.

மேல் எல்லை இன்னொரு தொல்லை. 1916 சோதனையில் பெரியவர் ஒருவர் எல்லாக் கேள்விகளையும் சரியாகச் செய்தால் கிடைக்கும் மன வயது 19 ஆண்டு 6 மாதம். 16-ஆல் வகுத்தால் 122. அதாவது ஒரு கேள்விகூடத் தவறவிடாத பெரியவருக்கும் 122-க்கு மேல் கிடையாது. 6 வயதுப் பிள்ளை 150 வாங்கலாம், அந்தப் பிள்ளையின் பேராசிரியத் தாத்தாவால் 123 வாங்க முடியாது. மேலும் அந்த 19 ஆண்டு 6 மாதம் என்பது 19½ வயதுக்காரர்களின் சராசரியும் இல்லை. அந்த வயதுக்காரரின் சராசரி 16 வயதுக்காரரின் சராசரியை விடப் பெரிதாக உயர்ந்துவிடாது என்று வைத்துக்கொண்டுதானே 16-ஆல் வகுக்கிறோம்? ஆக பெரியவர்களின் உயர்ந்த மன வயதுகள் எந்த வயதுக்காரரையும் குறிக்காத, கணக்கு தொடர வேண்டும் என்பதற்காக நீட்டிப் போட்ட எண்கள்.

தீர்வு ஒரு வகையில் எளிமையானது. வயதை வகுக்கும் எண்ணாகப் பயன்படுத்துவதை நிறுத்திவிட்டு, ஒப்பிடும் கூட்டத்தைத் தேர்ந்தெடுக்க மட்டும் பயன்படுத்துவது. நியூயார்க்கின் பெல்வ்யூ மருத்துவமனையில் பெரியவர்களைச் சோதிக்க வேண்டியிருந்த டேவிட் வெக்ஸ்லர் 1939-ல் வெளியிட்ட தன் சோதனையில் இதைச் செய்தார்.

```
ஐக்யூ = 100 + 15 × (உங்கள் மதிப்பெண் − உங்கள் வயதுக்குழுவின் சராசரி) ÷ அக்குழுவின் திட்ட விலக்கம்
```

ஓர் உதாரணம் (விளக்கத்துக்காக நானே வைத்த எண்கள்). 40 வயதுக்காரர் 62 மதிப்பெண் வாங்குகிறார். அவர் வயதுக்குழுவின் சராசரி 50, திட்ட விலக்கம் 8. வித்தியாசம் 12, அதை 8-ஆல் வகுத்தால் 1.5. பதினைந்தால் பெருக்கி 100-ஐக் கூட்டினால் 122.5. அதே 62-ஐ 70 வயதுக்காரர் ஒருவர் வாங்கி, அவர் குழுவின் சராசரி 44, திட்ட விலக்கம் அதே 8 என்றால் 134-க்கு அருகில் வரும். மன வயது எங்கும் வரவில்லை, 16-ஆ 15-ஆ என்ற சண்டையும் இல்லை. 6 வயதிலும் 12 வயதிலும் 70 வயதிலும் 130 என்றால் இரண்டு திட்ட விலக்கம் மேலே, அவ்வளவுதான். நடைமுறையில் யாரும் கையால் கணக்கிடுவதில்லை, சோதனைக் கையேட்டில் வயதுவாரியாக அட்டவணைகள் இருக்கும்.

15 என்பது இயற்கை தந்த எண் இல்லை. 15 என்று வைத்தால் நடுவில் இருக்கும் சுமார் பாதிப்பேர் 90-க்கும் 110-க்கும் இடையில் வருவார்கள், பழைய ஐக்யூவைப் பார்த்துப் பழகியவர்களுக்கும் எண்கள் அந்நியமாகத் தெரியாது. ஸ்டான்ஃபோர்ட்-பினே 1960 திருத்தத்தில்தான் வகுத்தலைக் கைவிட்டது. பழைய எண்களோடு தொடர்ச்சி இருக்கட்டும் என்று அது 16-ஐ எடுத்துக்கொண்டது, 2003-ல் வந்த ஐந்தாம் பதிப்பில்தான் 15-க்கு மாறியது. அதனால் பழைய ஸ்டான்ஃபோர்ட்-பினே அறிக்கையில் 132 என்று இருந்தால் அது வெக்ஸ்லர் சோதனையின் 130-க்குச் சமம்.

இந்த இடத்தில் இணையத்தில் சுற்றும் 200-க்கு மேற்பட்ட ஐக்யூக்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1980-களில் கின்னஸ் புத்தகத்தில் மரிலின் வோஸ் சவாந்த் பெயரில் 228 என்று வந்தது. 1937 சோதனையில் கிடைக்கக்கூடிய அதிகபட்ச மன வயது 22 ஆண்டு 10 மாதம். அதை 10 வயதால் வகுத்துப் பாருங்கள், 228 வரும். வகுத்தல் முறையில் இது சாத்தியமான எண். வெக்ஸ்லரின் திட்ட விலக்க முறையில் 228 என்றால் எட்டுத் திட்ட விலக்கத்துக்கு மேல், அந்த அளவு அரிதானவரை ஒப்பிட்டுப் பார்க்க உலக மக்கள்தொகையே போதாது. கின்னஸ் 1990-ல் அந்தப் பிரிவையே நீக்கிவிட்டது.

புதிய முறை எல்லாவற்றையும் தீர்த்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். இது இடத்தை மட்டும்தான் சொல்லும், 140 வாங்கியவருக்கு 100 வாங்கியவரைவிட 40% கூடுதல் அறிவு என்று அர்த்தம் இல்லை. ஒப்பிடும் கூட்டத்தைச் சோதித்து எத்தனை ஆண்டு ஆயிற்று என்பதும் முக்கியம், ஏனென்றால் கடந்த நூற்றாண்டில் பல நாடுகளில் மக்களின் சராசரி மதிப்பெண் பத்தாண்டுக்குச் சுமார் 3 புள்ளி என்ற அளவில் உயர்ந்திருக்கிறது. பழைய அட்டவணையை வைத்துக் கணக்கிட்டால் எண் தாராளமாக வரும்.

இன்னொரு குறை, அட்டவணைக்குக் கீழ் எல்லை உண்டு. பல சோதனைகளில் 40-க்குக் கீழே எண்ணே கிடையாது. கடுமையான வளர்ச்சித் தாமதம் உள்ள இரண்டு பிள்ளைகளில் ஒன்று 2 வயதுக் குழந்தை செய்வதைச் செய்கிறது, மற்றது 4 வயதுக் குழந்தை செய்வதைச் செய்கிறது, ஆனால் இருவர் அறிக்கையிலும் ஒரே அடிமட்ட எண் வந்து நிற்கும். ஓராண்டு பயிற்சிக்குப் பிறகு முன்னேற்றம் இருந்தாலும் அந்த எண் அசையாமல் கிடக்கும். இப்படிப்பட்ட பிள்ளைகளோடு வேலை செய்யும் உளவியலாளர்களும் ஆய்வாளர்களும் இன்றும் எந்த வயதுக்கு நிகராகச் செய்கிறது என்று பார்த்து, அதைக் கால வயதால் வகுத்து ஒரு விகிதத்தைப் போட்டுக்கொள்கிறார்கள். வளர்ச்சி ஈவு என்ற பெயரில் அறிக்கையில் பார்த்தால், அது பெரும்பாலும் ஸ்டெர்னின் அதே வகுத்தல்தான். அதை எடுத்து வெக்ஸ்லர் சோதனையின் எண்ணோடு நேராக ஒப்பிட்டு ஏறியது, இறங்கியது என்று சொல்லக் கூடாது.